கடைசி வரியில் இருந்த குழாய்

'ஆவன செய்யுமாறு' என்று முடிகிற கடிதத்தைப் பார்த்தாலே மலருக்கு உடம்பெல்லாம் எரியும். ஆவன என்றால் எவை? யார் செய்ய வேண்டும்? எப்போதைக்குள்? எழுதியவனுக்கே தெரியாது. தெரிந்தாலும் சொல்ல வெட்கம். வெட்கப்படுகிறவன் எதற்குக் கடிதம் எழுத வருகிறான் என்பாள்.

கல்மண்டபத்தில் கௌசர் பாயின் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. துறைமுகத்தில் நிற்கும் கன்டெய்னர்களை வெளியே எடுக்க, கப்பல் கம்பெனிக்காரர்களுக்கும் கஸ்டம்ஸ்காரர்களுக்கும் நாள் ஒன்றுக்கு நாற்பது ஐம்பது மெயில் அனுப்ப வேண்டும். கௌசர் பாய் நல்ல மனிதர். ஆனால் அவர் எழுதும் மெயிலில் நலம் விசாரிப்பு முடியவே அரைப் பக்கம் ஆகும். மலர் அதை இரக்கமில்லாமல் வெட்டி, என்ன வேண்டும், எத்தனை மணிக்குள் வேண்டும் என்பதைத் தலைப்பில் போடுவாள்.

"கொஞ்சம் மரியாதையா போடும்மா" என்று அவர் கெஞ்சுவார்.

"வணக்கம் போட்டுக்கீறேன் பாய், அது போதும். அந்த ஆளு லிஃப்ட்ல நின்னுகினு போன்ல பாக்குறாரு. ரெண்டு வரிக்கு மேல விரலு நகராது. நீங்க கேக்குறது ஒன்பதாவது வரியில கீது."

பாய் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பச் சொல்வார். கன்டெய்னர் வெளியே வந்துவிடும்.

ஆபீசில் இத்தனை வாய் பேசுகிறவள், எண்ணூருக்கு வடக்கே தன் குப்பத்தில் பஸ் விட்டு இறங்கியதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாயை மூடிக்கொள்வாள். ஊர்த் தலைவர் கோதண்டம் அவளுடைய மாமனார். கோதண்டத்துக்கு இரண்டு பெருமைகள். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. ஒன்று, அழகாகக் கடிதம் எழுதுவார் என்பது இன்னொன்று. முதலாவது உண்மை.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதரிடம் காரியமாகப் போனால், போன வேலையை முதலில் சொல்லக் கூடாது. நல்ல வஞ்சிரமாக ஒன்றைக் கொண்டுபோய் வைத்து, பிள்ளைகள் படிப்பு, வீட்டம்மா உடம்பு எல்லாம் கேட்டு, செய்த உதவிக்கெல்லாம் நன்றி சொல்லி, எழுந்து செருப்பை மாட்டும்போது, "அப்பால இன்னொரு விஷயம்..." என்று இழுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் அந்த இழுப்பைப் புரிந்துகொள்வார். மீனும் கையுமாக யாரும் சும்மா வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். கோதண்டம் இந்தச் சடங்கை அப்படியே காகிதத்தில் செய்தார். காகிதத்துக்கு முகம் இல்லை, அது எழுந்து செருப்பு மாட்டாது என்பது மட்டும் அவருக்கு உறைக்கவே இல்லை.

விஷயம் இதுதான். துறைமுக விரிவாக்க வேலையை எடுத்திருந்த ஒரு கம்பெனி, தூர்வாரும் மணலைக் கரைக்குத் தள்ள, கழிமுகத்தின் குறுக்கே மிதவைகள் மேல் ஓர் இரும்புக் குழாயைப் போட்டது. கடலுக்குப் போகும் படகுகளுக்கு அதுதான் வழி. என்ஜினைத் தூக்கிக்கொண்டு, படகைக் கையால் தள்ளிக் குழாய்க்கு மேல் ஏற்றி இறக்கித்தான் போக வேண்டும். வேலையாட்களிடம் போய்க் கேட்டால், "எங்களுக்கு ஆர்டர் வரணும்" என்றார்கள். கம்பெனி வாசலில் நின்ற செக்யூரிட்டி, "மெயில் போடுங்க" என்றான்.

கோதண்டம் முதல் கடிதத்தை எழுதினார். போன வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்த கம்பெனியின் கருணை உள்ளத்துக்கு ஒரு பத்தி. மேலாளர் குடும்பம் நீடூழி வாழ ஒரு பத்தி. மீனவர்களின் தொன்மைக்கு ஒரு பத்தி. கடைசியில், 'குழாய் சம்பந்தமாகவும் தங்கள் மேலான பார்வை படுமாயின் மகிழ்வோம்' என்று ஒரு வரி. பார்வை படுமாயின்! குழாய் என்ன மணப்பெண்ணா?

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் அன்பான வாழ்த்துக்கு நன்றி. தங்கள் கிராமத்தோடு எங்கள் நட்பு தொடரும்.' கோதண்டம் அதை லேமினேட் செய்து மீனவர் சங்கக் கட்டடத்தில் மாட்டினார். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று அங்கே வாய் திறந்து சொல்ல ஒரு ஆம்பளைக்கும் தைரியமில்லை. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் நான்கு பேர்.

இரண்டாவது கடிதத்தை மெயிலில் தட்டியவள் மலர். மாமனார் கையால் எழுதித் தந்ததைப் படித்தபோதே தெரிந்துவிட்டது, இதுவும் வாழ்த்து அட்டைதான் என்று. கௌசர் பாயிடம் என்றால் பேனாவைப் பிடுங்கியிருப்பாள். இங்கே தலையைக் குனிந்துகொண்டு, "நல்லாத்தான் கீது மாமா. கொஞ்சம் சுருக்கினா இன்னும் நல்லா இருக்குமோ இன்னாவோ, உங்க இஷ்டம்" என்றாள். கோதண்டத்தின் காதில் விழுந்தது 'நல்லாத்தான் கீது' மட்டும். அவள் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் தட்டி அனுப்பினாள்.

அதற்கும் நன்றி வந்தது. நன்றி வந்து ஒன்பதாம் நாள் விடியற்காலையில், குழாய்மேல் படகைத் தள்ளும்போது அலை ஒன்று தூக்கி அடித்து, பூவம்மாவின் மகன் அன்பரசனின் வலது கை படகுக்கும் இரும்புக்கும் நடுவில் சிக்கியது. நான்கு விரல்கள் போய்விட்டன. இருபத்தாறு வயது.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம் வானிலை எச்சரிக்கை வந்தது. வெள்ளி முதல் கடல் கொந்தளிக்கும், எல்லாரும் கரை திரும்ப வேண்டும். மலரின் புருஷன் ஜெயவேலின் படகு உட்பட ஊரின் பதினோரு படகுகள் வெளியே நின்றன. வாக்கி-டாக்கியில் சொல்லியாகிவிட்டது, வலையை எடுத்துக்கொண்டு வெள்ளி விடியலில் வந்து சேர்வார்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒதுங்கலாம் என்றால், அங்கே பெரிய விசைப்படகுகள் ஏற்கெனவே ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. வந்தால் கழிமுகம்தான். கொந்தளிக்கிற தண்ணீரில் அந்தக் குழாய்மேல் படகை ஏற்றினால் மிஞ்சுவது பலகைதான்.

மலர் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தாள். சங்கக் கட்டடத்தில் பத்துப் பேர் கைகட்டி நிற்க, கோதண்டம் மூன்றாவது கடிதத்தில் மூழ்கியிருந்தார். எழுதிய வரை தட்டச் சொல்லி நீட்டினார். 'கார்மேகம் சூழும் இவ்வேளையில் கருணைக் கடலாம் தங்களை...' என்று போயிற்று அது. அன்பரசனின் கை 'சிறு அசம்பாவிதம்' ஆகியிருந்தது. குழாய் இன்னும் கடிதத்துக்குள் வந்து சேரவில்லை.

மலர் அந்தத் தாளை அவர் முன்னாலேயே திருப்பி வைத்தாள்.

"மாமா, இத்த நான் தட்ட மாட்டேன்."

கோதண்டம் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னா?"

"இது ஆவாது. உங்க புள்ள நாளன்னிக்கி வந்துகினு கீறாரு. நானே எய்துறேன்."

அவள் உட்கார்ந்து தட்டினாள். கம்பெனிப் பொது முகவரிக்குப் போடாமல், நோட்டுப் புத்தகம் கொடுத்தபோது வாங்கி வைத்திருந்த விசிட்டிங் கார்டைப் பார்த்துத் திட்ட மேலாளருக்கே முகவரி போட்டாள். தலைப்பில், 'வியாழன் மாலை 4 மணிக்குள் கழிமுகக் குழாயைத் திறக்க வேண்டும்: 11 படகுகள், 44 உயிர்கள்.' கீழே:

'வணக்கம். கழிமுகத்தில் படகு வழியில் உள்ள குழாயின் பம்பை நிறுத்தி, அறுபது அடிக்குக் கழற்றி ஒதுக்க, உங்கள் வேலைத்தளப் பொறுப்பாளருக்கு இன்றே உத்தரவிடுங்கள். வெள்ளி விடியற்காலை எங்கள் படகுகள் அந்த வழியாகத்தான் திரும்பும். கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை உள்ளது. குழாயில் மோதினால் ஆட்கள் சாவார்கள். போன மாதம் இதே குழாயில் ஒருவர் நான்கு விரல்களை இழந்தார். முடியும், முடியாது என்பதை இன்று மாலை 5 மணிக்குள் சொல்லுங்கள்.' அதன் கீழே அவள் பெயர், போன் நம்பர்.

கோதண்டம் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். "அதட்டுற மாதிரி கீது. அவங்க இன்னா நம்ம வூட்டு வேலைக்காரனா? ராத்திரியில லைட் இல்லன்னு, மண்ணு கொட்டுறான்னு, அத்தயும் சேத்து நயமா..."

"ஒரு கடுதாசிக்கு ஒண்ணுதான் மாமா. நாலு கேட்டா சுளுவானத செஞ்சிட்டு நாலும் முடிஞ்சிச்சின்னு நெனச்சிக்குவாங்க. லைட்டுக்கு சனிக்கெழம எய்தலாம்."

அனுப்பினாள். அது மூன்று மணி பத்து நிமிஷம். பதினோராவது நிமிஷம் போன் அதிர்ந்தது. மலர் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள்.

'உத்தரவு கொடுத்துவிட்டேன். நாளை மதியம் இரண்டு மணிக்குள் வழி திறக்கப்படும். இந்தக் குழாயால் இடைஞ்சல் என்று இதுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லையே?'

"புளுவுறான்!" கோதண்டம் கத்தினார். "ரெண்டு கடுதாசி போட்டுக்கீறேன்! ரெண்டுலயும் கீது!"

புளுகினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது மலருக்கு. அந்த ஆள் புளுகவில்லை.

வியாழன் மதியம் ஒன்றரைக்கே பம்பு நின்றது. ஆறு ஆட்களும் ஒரு இழுவைப் படகும் வந்து, போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு துண்டுக் குழாயைக் கரையோரம் இழுத்துக் கட்டினார்கள். இரண்டு மாதம் ஊரே சுமந்த பாரம், அவர்களுக்கு ஒரு மதிய வேலை. வெள்ளி விடியலில், இரண்டாள் உயரத்துக்கு எழும்பிய அலைகளுக்கு நடுவே பதினோரு படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. ஜெயவேல் இறங்கி வந்து, உப்பு காய்ந்த முகத்தோடு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் அழுதுவிட்டாள்.

ஊர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. லேமினேட் செய்த நன்றிக்குக் கீழே நின்று கைதட்டியவர்களைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பில் தன் பங்கு எவ்வளவு என்பதை அவள் கணக்குப் பார்க்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அன்பரசனின் அம்மா பூவம்மா வந்தாள். மீன் கூடைக்காரி, சுற்றி வளைக்க நேரமில்லாதவள். வாசலிலேயே நின்றாள்.

"மொதல்லயே இப்டி எய்தியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பானா?"

"எடுத்திருப்பான், அத்தே."

"ரெண்டாவது கடுதாசி நீதான தட்டினே?"

"ஆமா."

"தட்ட சொல்லோ தெரில உனுக்கு, இது வேலைக்கி ஆவாதுன்னு?"

"தெரிஞ்சிது. பட்டுன்னு சொன்னா மாமா மனசு நோவும்னு வுட்டுட்டேன்."

பூவம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டாள்:

"இப்போ உங்க மாமன் மனசு நல்லா கீதா?"