தேக்ககம் கேட்ட யசோதினி டீச்சர்

லிந்துலைக்கு மேலே, தேயிலை மலையைக் குடைந்து போட்டாற்போல் நிற்கும் அந்தப் பாடசாலைக்கு யசோதினி வந்து எட்டு வருடமாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் கிடைத்து வந்தவர்கள் எல்லாம் இரண்டாம் வருடமே இடமாற்றத்துக்கு எழுதிப் போட, இவள் மட்டும் கணினி ஆய்வுகூடத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தங்கிவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்டால் "குளிர் பழகிப் போச்சு" என்பாள். உண்மை அதுவல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

மண்சரிவுக்குப் பயந்து பாடசாலை மூடிக் கிடந்த வாரங்களில், வாடகை அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவள் பாடங்களைப் பேசிப் பதிவு செய்தாள். அப்படித் தொடங்கியது நின்றுவிடவில்லை. பாடங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. அவற்றை முதலில் இருந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தவள் சுலக்ஷனா. உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம் தவறிப் போன பெண். தாய் கால் முறிந்து படுத்ததால் கிழமை நாட்களில் கொழுந்து பறிக்கப் போகிறாள். சனிக்கிழமையில் மட்டும் ஆய்வுகூடத்துக்கு வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டீச்சரின் குரலோடு உட்கார்ந்திருப்பாள். அவள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது.

அந்தப் பாடங்கள்தாம் இப்போது இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. ஆய்வுகூடத்தின் இருபது கணினிகளும் ஒரேயொரு நடுக் கணினியில்தான் எல்லாவற்றையும் போட்டுவைத்தன. அதில் இடம் முடிந்தால், ஒன்றில் பாடங்களை அழிக்க வேண்டும், அல்லது மாணவர்களின் செயற்றிட்டங்களை ஏற்க முடியாது என்று சொல்ல வேண்டும்.

யசோதினி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். பாடப்புத்தகத்துத் தமிழில், மிகவும் கவனமாக.

"கணினி ஆய்வுகூடத்துக்கு மேலதிகத் தேக்ககம் வேண்டுதல். தற்போதைய கொள்ளளவு 931. பாட ஒளிப்பதிவுகள் 512, மாணவர் ஆக்கங்கள் 268, மென்பொருட்கள் 95, மொத்தப் பயன்பாடு 875. மீதி 56. மாதாந்த அதிகரிப்பு 28. ஆகவே இரண்டு மாதங்களில் முற்றாக நிரம்பும். 2000 கொள்ளளவுடைய இரண்டு தேவை. இரண்டாவது, முதலாவதன் பிரதியாக வேறிடத்தில் பேணப்படும்."

கடிதத்தோடு இணைத்த அட்டவணையின் மூலையில் சின்ன எழுத்தில் 'ஜி.பி.' என்று போட்டாள். அது போதும் என்று நினைத்தாள்.

ஆறு வாரம் பதில் இல்லை. மீதி பதினாலுக்கு இறங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, வெளியே ஆட்கள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள்.

வாசலை அடைத்துக்கொண்டு, கறுப்பாக, ஆளுயரத்துக்கு மேல், ஒரு தண்ணீர்த் தாங்கி நின்றது. அதற்குப் பின்னாலிருந்து அபிவிருத்திச் சங்கச் செயலாளர் பழனியாண்டி தலையை நீட்டினார். தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்க்கிறவர்.

"வந்துருச்சுங்க டீச்சர். எந்தப் பக்கம் வைக்கிறது?"

"இது... என்ன இது?"

"நீங்க கேட்ட தேக்கம்தாங்க. ரெண்டாயிரம். ரெண்டு கேட்டிருந்தீங்க, ஒரே மாதிரி. இப்போதைக்கு ஒண்ணுதான் முடிஞ்சிச்சு."

யசோதினி தாங்கியைத் தொட்டுப் பார்த்தாள். "நான் கேட்டது தண்ணிக்கு இல்லை ஐயா."

"அதான் ஜி.பி.ன்னு போட்டிருந்தீங்களே. ஏதோ கேலன் கணக்காக்கும்னு பேசிக்கிட்டோம். லீட்டரா கேலனான்னு பெரிய சண்டையே வந்துச்சு."

"கம்ப்யூட்டர் அறைக்கு ஏன் தண்ணி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையா?"

"கேட்டாங்க. நான்தான் சொன்னேன், மெசினு சூடாகுமில்ல, ஆத்துறதுக்கு வேணும்னு. எங்க தேயிலை ஸ்டோர்ல எத்தன மெசினு பாத்திருக்கேன்."

பின்னால் தாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யசோதினிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் நிறைந்தது. அவர்கள்மேல் கோபப்படவும் வழியில்லை. விளங்காத தமிழில் எழுதியது அவள்.

சத்தம் கேட்டு அதிபர் இராமையா வந்தார். விசயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சங்கக் கூட்டத்தன்னைக்கி நான் வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போயிட்டேன். நான் இல்லாமலே கடிதத்தை வாசிச்சு முடிவெடுத்துட்டாங்க. இந்தத் தவணைக்கு ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கின காசு அவ்வளவுதாங்க டீச்சர். ஒண்ணு செய்யலாம். தலவாக்கலைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்போம்."

"என் தப்பு சேர். நானே ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றார் பழனியாண்டி. முகம் சுருங்கியிருந்தது.

யசோதினி 'சரி' என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவள் கண் கீழே பெண்பிள்ளைகளின் கழிவறைப் பக்கம் போனது. இரண்டு சிறுமிகள் மலை ஊற்றுப் பீலியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்து, பாதியைப் பாவாடையில் சிந்திக்கொண்டு ஏறி வந்தார்கள். எட்டு வருடமாக அவள் தினமும் பார்க்கும் காட்சி. அதற்காக ஒரு கடிதமும் அவள் எழுதியதில்லை. அந்த நினைப்பு நெஞ்சில் முள்ளாக ஏறியது. சுலக்ஷனாவின் முகமும் கூடவே வந்து நின்றது. தண்ணீரா, பாடங்களா, எதைக் கைவிடுவது?

"திருப்ப வேண்டாம் சேர்" என்றாள் மெதுவாக. "கழிவறைக்கு மேல வையுங்கோ. நான் பாடங்களை அழிக்கிறன்."

"எதுக்குங்க அழிக்கணும்?" பழனியாண்டி விடவில்லை. "எங்க, காட்டுங்க பாப்போம்."

அவள் அவரை உள்ளே அழைத்துப்போய், திரையில் நிரம்பிச் சிவந்து நின்ற கோட்டைக் காட்டினாள். பாடங்கள் இவை, பிள்ளைகளின் வேலை இது, மிஞ்சிய இடம் இந்த நகத்தளவு. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"வாட்டுற தொட்டி" என்றார். "ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற தொட்டி நெறஞ்சிருச்சுன்னா புதுக் கொழுந்த எங்க கொட்டுறது? வெளிய குமிச்சு வச்சா அவிஞ்சு போகும். அதுக்காக நேத்துக் கொழுந்தத் தூக்கி வீசுவோமா? இத மொதல்லயே இப்படிச் சொல்லக்கூடாதாங்க?"

எட்டு வருடம் இந்த மலையில் இருந்தும், தொழிற்சாலைக்குள் அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

பழனியாண்டி அதிபர் பக்கம் திரும்பினார். "சேர், வெளையாட்டுப் போட்டிக்குப் பெத்தவங்க உக்கார கொட்டகை போட ஒதுக்குன காசு அப்படியேதான இருக்கு? அத இதுக்கு மாத்துவோம். நாங்க கொடையப் புடிச்சிக்கிட்டு நின்னுக்கிறோம்."

"கூட்டத்துல நீங்களே சொல்லுங்க" என்றார் அதிபர். "கடிதத்தை மட்டும் ரெண்டு பேருமாச் சேந்து எழுதுங்க."

எழுதினார்கள். அவர் சொல்ல, அவள் எழுதினாள். எண்கள் அவளுடையவை, வாட்டுத் தொட்டி அவருடையது. 'தேக்ககம்' என்ற சொல்லை அவளே அடித்துவிட்டு, 'கணினியில் பாடங்களைப் போட்டுவைக்கும் ஹார்ட் டிஸ்க்' என்று எழுதினாள். எண்ணுக்கு எண் 'ஜி.பி., இது தண்ணீர் அளவல்ல' என்று போடச் சொன்னார் பழனியாண்டி. அவள் ஒரு தடவை மட்டும் போட்டாள்.

கூட்டம் சம்மதித்தது; ஆனால் டிஸ்க் ஒன்றுதான் கிடைத்தது. இரண்டாவது அடுத்த தவணைக்கு என்றார்கள். ஆகவே பிரதி இல்லை. டிஸ்க் கெட்டால் பாடங்களும் போகும். அந்தப் பயம் அவளுக்கு இருந்தது. இருந்தாலும் சனிக்கிழமை காலையிலேயே வந்து பாடங்களை ஒவ்வொரு கோப்புறையாக அதற்கு மாற்றத் தொடங்கினாள்.

சுலக்ஷனா நனைந்த தலையோடு வந்து நின்றாள். கொழுந்துச் சாயம் ஏறிய விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"பதினெட்டாம் பாடம் இருக்குங்களா டீச்சர்? அழிச்சிருவீங்கன்னு சொன்னாங்க."

"ஆர் சொன்னது?"

"லயத்துல எல்லாரும் சொன்னாங்க. டீச்சர் தண்ணி டாங்கிய வாங்கிட்டுப் பாடத்த அழிக்கப் போறாங்கன்னு."

யசோதினிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். திரையில் பதினாறாம் பாடம் மாறிக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு மாறவேணும்" என்று பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டாள். "அது வரைக்கும் இருந்து என்னட்டக் கேள். சோதினையில எந்தப் பாடத்தில தவறினனீ? இவ்வளவு நாளும் நான் கேக்கேல்லை."