திறக்காமல் விட வேண்டிய மோட்டார்

செய்தி வந்தபோது மணி மூன்று நாற்பது. செவ்வாய்க்கிழமை. அலுவலகச் சன்னல் வெயில் மேசையின் பாதி வரை ஏறியிருந்தது. அவள் கையில் பென்சில் இருந்தது, பென்சிலுக்கு அடியில் கணவரின் பாடப் படிவம். நான்காவது வரியை வட்டமிட்டு, ஓரத்தில் “இதை எப்படிப் பார்ப்பீர்கள்?” என்று அப்போதுதான் எழுதி முடித்திருந்தாள். தொலைபேசியில் பட்டறை உதவியாளர். “அண்ணி, கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா” என்று மட்டும்தான் கேட்டார். மிச்சத்தை அவர் குரலே சொல்லிவிட்டது. வகுப்பு முடிந்து கை கழுவப் போன அவள் கணவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டாராம்.

அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவளுக்குப் பாடத்திட்டப் பிரிவில் வேலை. எந்தப் பாடமும் மாணவர் கையேட்டில் ஏறுவதற்கு முன் அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பாடம் எதைப் பற்றியது, படித்து முடித்தவருக்கு என்ன செய்ய வரும் என்று ஆசிரியர்கள் எழுதி அனுப்புவார்கள். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, திருப்பி அனுப்புவாள். அதனால் ஆசிரியர்கள் அவளுக்கு வைத்த பெயர் திருப்பி மேடம். அவளுக்கும் அது தெரியும். அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் விதி ஒன்றே ஒன்றுதான். ‘அறிந்துகொள்வார்கள்’, ‘புரிந்துகொள்வார்கள்’ என்று எழுதினால் போதாது. அறிந்தவனையும் அறியாதவனையும் அருகருகே நிறுத்தினால், எதை வைத்துப் பிரிப்பீர்கள்? அதை எழுதுங்கள். புரிந்தது மண்டைக்குள் இருக்கும். செய்தால்தான் வெளியே தெரியும்.

இந்த விதியில் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட ஒரே ஆசிரியர் அவள் கணவர்.

அவர் மோட்டார் பழுதுபார்ப்புப் பாடம் நடத்தினார். பதினோரு வருடம், வாரம் இரண்டு நாள், பின்கட்டடப் பட்டறையில். ஆள் நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் மற்றவர்கள் ஏணியைத் தேடுவார்கள், அவர் நாற்காலியைத் தேடுவார். உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார். சுவிட்சைப் போட்டுக் கேட்பார், அணைத்துக் கேட்பார். “விசிறிய பொண்ணு பார்க்க வந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க” என்று அவள் அலுத்துக்கொள்வாள். அவர் சிரிப்பாரே தவிர எழுந்திருக்க மாட்டார். கடைசியில் கோளாறு விசிறியில் இருக்காது, சுவர்ப்பெட்டிக்குள் தளர்ந்துபோன ஒரு கம்பியில் இருக்கும். பிரிக்காத விசிறியைக் காட்டி, “பார்த்தியா, அது பாட்டுக்கு நல்லாத்தான் இருந்திருக்கு” என்பார், ஏதோ அந்த விசிறியின் நற்பெயரைக் காப்பாற்றிவிட்டவர் போல.

அவருக்குப் பேச நன்றாக வரும். எழுதத்தான் வராது. ‘மோட்டார் பழுதுபார்ப்பு பற்றிய முழுமையான அறிவைப் பெறுவர்’ என்று அவளுடைய விதி வருவதற்கு முன்பே அவர் எழுதிக் கொடுத்த வரிதான் கையேட்டில் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் படித்துவிட்டு, மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் வந்து சேருவார்கள். காயில் கட்டுவது வேறு பாடம். மூன்றாவது வாரத்தில் விஷயம் தெரிந்ததும் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். துறைக் கூட்டத்தில் அது அவருக்குக் கெட்ட பெயராக வந்து விழுந்தது. அதனால்தான் திருத்தி எழுத உட்கார்ந்தார். எழுதியதெல்லாம் அவள் மேசைக்கு வந்து, அங்கிருந்து வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பியது.

நான்காவது வரிதான் தகராறு. ‘மோட்டாரை எப்போது திறக்கக் கூடாது என்று அறிவார்கள்.’

“செய்யாததை எப்படிங்க பரீட்சை வைப்பீங்க?” என்று கேட்டாள்.

“வைக்கிறேனே.”

“அப்போ அதை எழுதுங்க.”

“எழுத வரலையே. ஒரு நாள் வகுப்புல வந்து உட்காரு. பார்த்தா நீயே எழுதிடுவ.”

பாடத்திட்டக் குழுக் கூட்டம் முடியட்டும், வருகிறேன் என்றாள். அவள் அறைக்கும் பட்டறைக்கும் நடுவே இரண்டு கட்டடம், ஒரு சைக்கிள் கொட்டகை. பதினோரு வருடத்தில் அவள் அந்தத் தூரத்தை நடந்ததில்லை. மாலையில் அவர்தான் நடந்து வருவார், வார்னிஷ் வாடையோடு.

காரியமும் விடுப்பும் முடிந்து அவள் திரும்பியபோது துறைத் தலைவர் தானே அவள் அறைக்கு வந்தார். நல்ல மனிதர். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சன்னலைப் பார்த்தபடியே சொன்னார். அவருடைய பாடத்தை நீக்கிப் பொது மின் இயந்திரப் பாடத்தில் நான்கு மணி நேரமாகச் சேர்த்துவிடலாம் என்று பேச்சு இருக்கிறது. பட்டறையும் வேறு வகுப்புக்குப் போய்விடும். புது ஆசிரியர் ஒருவர் எடுக்கத் தயார்தான், ஆனால் எதை எடுப்பது என்று தாளில் இருக்க வேண்டுமே. வியாழக்கிழமைக் குழுவுக்கு முன்னால் தெளிவான படிவம் வந்தால் பாடம் தொடரும், வராவிட்டால் இல்லை.

“நான் எழுதலாமா?” என்று கேட்டாள்.

“எழுதுங்க. ஆனா நீங்க எழுதினதை நீங்களே சரிபார்க்க முடியாது. அதை நான் பார்க்கறேன்.” கதவருகே போய்த் திரும்பி, “திருப்பி அனுப்பினா கோவிச்சுக்கக் கூடாது” என்றார். அவள் மூன்று வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

அன்று மதியமே சைக்கிள் கொட்டகையைத் தாண்டி நடந்தாள். பட்டறை உதவியாளர் கதவைத் திறந்துவிட்டார். வார்னிஷ் வாடை முகத்தில் வந்து மோதியது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதவியாளர் ஒரு துணியை எடுத்து, துடைக்க வேண்டியிராத மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கணவர் எப்படிப் பரீட்சை வைப்பார் என்று அவள் கேட்டதும், உதவியாளர் ஐந்து மோட்டார்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். நாற்பது நிமிடம் என்றார். மாணவர் முதலில் மின் இணைப்பு இல்லை என்று மீட்டரை வைத்துக் காட்ட வேண்டும். அதைச் செய்யாமல் கை வைத்தால் அங்கேயே பரீட்சை முடிந்தது. பிறகு ஒவ்வொன்றின் நடுவிலிருந்து நீளும் தண்டையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும், மூன்று சுருள்களின் மின்தடையையும் அளக்க வேண்டும், சுருளுக்கும் மோட்டாரின் உடலுக்கும் நடுவே மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று மெகர் என்ற கருவியால் சோதிக்க வேண்டும். அளந்த எண்களை எழுதி, எதில் என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும்.

உதவியாளர் சொல்லச் சொல்ல அவளே செய்து பார்த்தாள். முதல் தண்டு கரகரவென்று அவள் விரல்களைக் கடித்தது. அது பேரிங். இரண்டாவதில் ஒரு சுருள் அறுந்திருந்தது. மூன்றாவதில் மெகரின் முள் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை, காப்பு போய்விட்டது. நான்காவதில் இணைப்புப் பெட்டிக்குள் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. ஐந்தாவது தண்டு வெண்ணெய் தடவியது போல வழுக்கிச் சுழன்றது. மூன்று சுருளுக்கும் ஒரே எண். மெகர் முள் கடைசிவரை ஓடியது. அவள் மறுபடி அளந்தாள். இன்னொரு முறையும் அளந்தாள்.

“இதுல என்னன்னு தெரியலையே. திறந்து பார்க்கணுமோ?”

உதவியாளர் மோட்டாரைத் திருப்பிக் காட்டினார். பின்மூடியின் ஒவ்வொரு திருகாணியின் மேலும் மூடியோடு சேர்த்து ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு, மயிரிழை அளவு. திருகாணியைத் தொட்டுத் திருப்பினால் கோடு உடைந்துவிடும்.

“அதுல ஒண்ணுமே இல்ல அண்ணி. நல்ல மோட்டார். நல்லா இருக்கறத நல்லா இருக்குன்னு சொல்ல எல்லாருக்கும் பயம். ஏதாவது கண்டுபிடிச்சாத்தான் மார்க்குன்னு நினைச்சு திறந்துடுவாங்க. கோட்டை உடைச்சவன் பெயில். அளந்த நம்பரைக் காட்டி, ‘இதைத் தொட வேண்டாம் சார்’னு சொன்னவன் பாஸ். அண்ணன் ஒவ்வொரு வருஷமும் அவரே உட்கார்ந்து கோடு போடுவாரு.”

கோட்டைப் பார்த்தாள். நேராக இல்லை, கொஞ்சம் அலைந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு இரும்பில் இடிக்கிற மாதிரி குனிந்து அவர் அதைப் போட்டிருப்பார். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இத்தனை வருடமும் இரண்டு கட்டடம் தள்ளி ஒரு தூரிகை நுனியில் இருந்திருக்கிறது. அந்தத் தண்டை இன்னும் ஒரு முறை சுழற்றினாள். அது தானாக நிற்கும்வரை அங்கேயே நின்றாள்.

மறுநாள் எழுதினாள். பாட விளக்கத்தின் முதல் வரியிலேயே, இது பழுதைக் கண்டுபிடிக்கும் பாடம், காயில் கட்டுவது இதில் இல்லை என்று போட்டாள். ‘முழுமையான அறிவு’ போயிற்று. நான்காவது வரி இப்படி அமைந்தது: ‘ஐந்து மோட்டார்களைச் சோதித்து, கோளாறுள்ளவற்றையும் கோளாறில்லாததையும் பிரித்து, கோளாறில்லாததைத் திறக்காமல் விட்டு, அதற்கான காரணத்தைத் தாம் எடுத்த அளவுகளைக் கொண்டு விளக்குவர்.’ அதற்கு நேரே, தேர்வு முறை என்ற கட்டத்தில், நாற்பது நிமிடச் செய்முறை என்று எழுதினாள். வரியில் சொன்னதைத்தான் தேர்வு பார்க்கிறது, தேர்வு பார்ப்பதைத்தான் வரி சொல்கிறது. இரண்டும் பொருந்திவிட்டன. பொருந்தியது என்று போய்ச் சொல்ல வீட்டில் அவர் இல்லை.

எழுதியதை நம்பாமல் நூலகத்துக்கு எடுத்துப் போய், முதலாண்டு மாணவர் இருவரிடம் கொடுத்தாள். படித்தால் என்ன செய்ய வரும் என்று கேட்டாள். ஒருவன் படித்துவிட்டு, “காயில் கட்டறது இல்லையா? அப்போ எனக்கு வேண்டாம் மேடம்” என்று நாசூக்காகத் தாளை நகர்த்தினான். பக்கத்தில் இருந்த பெண் இன்னொரு முறை படித்தாள். அவள் அப்பா ஒரு குடியிருப்பில் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறாராம். ஒவ்வொரு தடவையும் மோட்டார் நின்றால் மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவாராம்.

“இதைப் படிச்சா, பிரிக்க வேணாம்னு அந்த மெக்கானிக்கிட்ட என்னால சொல்ல முடியும். காரணத்தோட. இல்ல மேடம்?”

ஆமாம் என்றாள். வேண்டாம் என்று சொன்ன பையனிடமும் நன்றி சொன்னாள். மூன்றாவது வாரத்தில் போகிறவன் முதல் நாளே போகிறான். அதுவும் அந்தத் தாள் செய்த வேலைதான்.

துறைத் தலைவர் ஒரு தடவை மட்டும் திருப்பி அனுப்பினார், இரண்டாவது வரி நீளம் என்று. உடைத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் குழு பாடத்தை ஏற்றுக்கொண்டது. பட்டறையும் அப்படியே இருக்கும். கூட்டத்தில் ஒருவர், நான்காவது வரி யாருடைய யோசனை, நன்றாக இருக்கிறதே என்றார். அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். துறைத் தலைவர் அவள் கணவரின் பெயரைச் சொன்னார்.

படிவத்தில் ஒரே ஒரு குறை சொன்னார்கள். பார்வை நூல் பட்டியலில் மூன்றாவது நூலுக்குப் பதிப்பு ஆண்டு இல்லை. நூலகத்தில் அந்தப் புத்தகம் கிடையாது, அது அவருடைய சொந்தப் பிரதி. கடைசி நாள் அவர் தோளில் இருந்த துணிப்பைக்குள் இருக்கிறது. பையை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள், அவள் கொண்டுவந்து படுக்கையறைக் கதவின் பின்னால் மாட்டினாள். அதன் பொத்தானை இன்னும் கழற்றவில்லை. கையேடு அச்சுக்குப் போக ஒன்பது நாள் இருக்கிறது. மூன்றாவது நூலின் ஆண்டு இன்னும் எழுதப்படவில்லை.