துளைக்குள் சைபர் இல்லை

சாரல் தொடங்கிய வாரத்தில், என் கணவருடைய துறைத் தலைவி என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். என் கணவர் குற்றாலம் போகும் வழியில் உள்ள ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். துறைத் தலைவி அவரைவிட வயதில் இளையவர், ஒரு காலத்தில் அவரிடமே படித்தவர். வீட்டுக்கு வராமல் பள்ளிக்கு வந்திருக்கிறார் என்றதும் யாரும் இல்லாத ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன்.

"மேடம், சாருக்கு வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார்.

"இல்லையே. ஏன்?"

கைப்பையில் இருந்து ஒரு மாணவியின் நோட்டை எடுத்துப் பிரித்தார். ஒரு வட்டம், அதற்குள் மையத்தை விட்டு விலகி ஒரு சின்ன வட்டம். படத்தைப் பார்த்ததுமே என்ன கணக்கு என்று தெரிந்துவிட்டது. நீளமான, தடித்த உருளைக் கம்பி ஒன்றில் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் மின்னோட்டம் ஓடுகிறது. கம்பியின் நெடுகிலும், நடுவில் இல்லாமல் ஓரமாக, ஒரு துளை போட்டிருக்கிறது. துளைக்குள் காந்தப்புலம் எவ்வளவு என்பது கேள்வி. பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் வருவது.

அந்தப் படத்துக்குக் கீழே 'துளைக்குள் மின்னோட்டம் இல்லை. ஆகவே காந்தப்புலம் சைபர்' என்று இருந்தது.

"புள்ள தப்பா எழுதியிருக்கா" என்றேன்.

"எல்லா நோட்டுலயும் இதான் இருக்கு மேடம். ஒரு பொண்ணு எந்திரிச்சு, 'சார், புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கே'ன்னு கேட்டிருக்கா. சார் அவளை வெளிய போகச் சொல்லிட்டாங்க. மறுநாள் வந்து, புதுசா நடத்துத மாதிரி இதே கணக்க மறுபடியும் முதல்ல இருந்து நடத்துதாங்க. அதுக்கு அடுத்த நாளும் இதேதான்."

கல்யாணமான புதிதில் இந்தக் கணக்கை எனக்குப் புரியவைத்ததே அவர்தான். எம்.எஸ்சி. முடித்த பிறகும் நான் அதைச் சூத்திரமாகத்தான் வைத்திருந்தேன். "ஓட்டைய ரொப்பிப் பாரு" என்பார் அவர். துளை இருக்கும் இடத்திலும் மின்னோட்டம் ஓடுவதாக வைத்துக்கொள். அதே இடத்தில், அதே அடர்த்தியில், எதிர்த் திசையிலும் ஒன்று ஓடுவதாக வைத்துக்கொள். இரண்டும் சேர்ந்தால் அங்கே ஒன்றும் இல்லை, அதாவது துளை. இப்போது முழுக் கம்பி தரும் புலத்தையும், எதிராக ஓடும் சின்ன உருளை தரும் புலத்தையும் கூட்டு. துளைக்குள் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அந்தப் புள்ளி இருக்கும் இடம் கணக்கில் அடிபட்டுப் போகும். கம்பியின் மையத்துக்கும் துளையின் மையத்துக்கும் உள்ள தூரம் மட்டும் மிஞ்சும். ஆகவே துளைக்குள் புலம் இருக்கிறது, எங்கும் ஒரே அளவாக, ஒரே திசையில். துளை சரியாக நடுவில் இருந்தால் மட்டுமே சைபர்.

அன்று சாயங்காலம் அவர் காபி குடித்து முடித்ததும் ஒரு தாளில் படத்தை வரைந்து நீட்டினேன்.

"ஏங்க, ஒரு புள்ள டவுட் கேட்டா. கொஞ்சம் சொல்லுங்களேன்."

பேனாவை வாங்கினார். துளைக்குள் ஒரு சின்ன வட்டம் வரைந்தார். "இந்த வட்டத்துக்குள்ள கரண்ட் இருக்கா? இல்ல. அப்ப சைபர்."

"வட்டத்தைச் சுத்திக் கூட்டினா மொத்தம் சைபர், சரி. ஒரு பக்கம் கூடினது மறு பக்கம் கழிஞ்சாலும் மொத்தம் சைபர்தான வரும்? அதுக்காகப் புலமே இல்லன்னு ஆகுமா?"

இது அவர் வாயால் நான் கேட்ட வாதம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. முன்பின் தெரியாத பாஷையில் யாரோ பேசுவதைப் போலப் பார்த்தார்.

"ஓட்டைய ரொப்பிப் பாருங்க" என்றேன்.

"எதை வச்சு ரொப்ப?" என்று கேட்டார்.

அந்த வாரமே திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். இன்றைக்கு என்ன கிழமை, கடிகாரம் வரைந்து காட்டுங்கள், நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றெல்லாம் கேட்டார்கள். கழித்தலைத் தடுமாறாமல் செய்தார். கடிகாரத்தில் எல்லா எண்களையும் ஒரே பக்கமாக எழுதினார். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, மறதி நோய் என்றும், அறுபதுக்கு முன்னாலேயே வந்தால் வேகமாகப் போகும் என்றும் சொன்னார். மாத்திரை கொஞ்சம் தாமதப்படுத்தும், திருப்பாது.

வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். "என்னட்டி சொல்லுதான்?" என்றார்.

"சத்துக் குறைச்சலாம்" என்றேன். பஸ்ஸில் ஆலங்குளம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

அவர் விடுப்பில் இருந்தபோது துறைத் தலைவி மறுபடி பேசினார். செமஸ்டர் பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைகள் தப்பான பதிலை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள், வேறு ஆள் சொன்னால் சார் சொன்னதுதான் சரி என்று சாதிக்கிறார்கள். "ஒரே ஒரு வகுப்பு நீங்க வந்து எடுத்தா நம்புவாங்க மேடம்." அவர் சொல்லாததும் எனக்குப் புரிந்தது. நான் போய்த் திருத்தினால் என் கணவர் பெயர் கெடாது.

வீட்டில் அவரைத் தனியாக விட முடியாத நிலை அப்போதே வந்துவிட்டது. முந்தின வாரம் ஆய்க்குடி பஸ்ஸில் ஏறிப் போய், இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவரை நடத்துநர் போன் செய்து ஒப்படைத்திருந்தார். ஆகவே சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். நன்றாக உடுத்தி, சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு வந்தார். கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன். அவருடைய வகுப்பறை, அவருடைய கரும்பலகை. சாக்பீஸை எடுத்து முதலில் அந்த வட்டத்தை வரைந்தேன்.

முழுக் கணக்கையும் போட்டேன். பிள்ளைகள் பேசாமல் எழுதினார்கள். வெளியே குற்றாலத்துக்குப் போகும் வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தன. கடைசி வரியைக் கட்டம் போட்டு முடித்தபோது, பின்னால் கை உயர்ந்தது.

"மேடம், ஒரு டவுட்."

என் கணவர். முப்பது முகமும் ஒரே நேரத்தில் திரும்பின.

"ஓட்டைக்குள்ள காத்துதான இருக்கு? கரண்ட் எங்கன இருக்கு? நீங்க போட்டது தப்பு. அது சைபர்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆய்வகத்தில் இதற்கென்றே ஒரு கம்பி இருந்தது. அவரே முன்பு ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்துவாங்கியது. தடித்த அலுமினிய உருளை, ஓரமாக நெடுகிலும் துளை. கதவருகில் நின்றிருந்த துறைத் தலைவி அதை எடுத்துவரச் சொன்னார். லாரி பேட்டரியையும் தடைச் சுருளையும் கொஞ்சம் தள்ளிவைத்து, தடித்த ஒயர்களால் கம்பியின் இரு முனைகளிலும் இணைத்தோம். காந்தப்புலத்தை அளக்கும் மெல்லிய பட்டையைத் துளைக்குள் நுழைத்தேன். பூமியின் புலம் சேராமல் இருக்க மீட்டரை முதலில் சைபருக்குக் கொண்டுவந்தேன். அவர் எழுந்து வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

அவர் வெளியே அனுப்பிய அதே பெண்ணைச் சுவிட்சைப் போடச் சொன்னேன். போட்டாள். மீட்டரில் எண் ஏறியது. பட்டையைத் துளையின் ஒரு சுவரில் இருந்து மறு சுவர் வரைக்கும் நகர்த்தினேன். எண் மாறவில்லை. கால் சுற்றுத் திருப்பினேன். எண் இறங்கிச் சைபருக்குப் பக்கத்தில் நின்றது. புலம் இரண்டு மையங்களையும் சேர்க்கும் கோட்டுக்குக் குறுக்காக இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

"இப்ப பாருங்க, சைபர் வந்துட்டுல்லா!" என்றார் அவர்.

"பட்டை திரும்பியிருக்குங்க. நேரா வச்சா வரும்." திருப்பி வைத்தேன். எண் மறுபடி ஏறியது.

"மீட்டர்ல கோளாறு."

"ஏலா, ஆஃப் பண்ணு" என்றேன் அந்தப் பெண்ணிடம். அணைத்தாள். மீட்டரில் எண் இறங்கியது. போட்டாள். ஏறியது. இன்னொரு தரம். தடைச் சுருள் கைக்குச் சூடு தெரியும் அளவுக்கு ஆகிவிட்டது. அவர் குனிந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரும்பலகையைப் பார்த்தார். நான் எழுதியிருந்ததை உதட்டை அசைத்து வாசித்தார், மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக. என்னை நோக்கித் திரும்பியபோது அவர் கண் பழைய கண்ணாக இருந்தது.

"ஏட்டி, இதையா நான் இந்தப் புள்ளைகளுக்குத் தப்பா சொன்னேன்?"

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். சத்துக் குறைச்சல் என்ற பொய்யே எனக்குப் போதுமானதாக இருந்தது. "ஆமாங்க" என்றேன்.

அவர் வகுப்பைப் பார்த்து நின்றார். "நான் தப்பா நடத்திட்டேன். மேடம் போட்டதுதான் சரி. அதை எழுதிக்கிடுங்க." சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து, "ஒன்னைய வெளிய போகச் சொன்னது நான்தான?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அழுதுகொண்டே ஆட்டினாள்.

"எனக்கு என்னமோ ஆகுது" என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல். துறைத் தலைவி பேட்டரி ஒயரைக் கழற்றும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது டாக்டர் சொன்னதை முழுக்கச் சொல்லிவிட்டேன். தெளிவாக இருக்கும் நேரம் இதுதான் என்று பட்டது. கேட்டுக்கொண்டே வந்தார். "ஒனக்குத்தான் கஷ்டம்" என்றார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரயில் போய்க் கேட்டைத் திறப்பதற்குள், "இன்னைக்கு எனக்கு எத்தனாவது பீரியடு?" என்று கேட்டார்.

விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். அந்தக் கணக்கு அந்தத் தடவை வரவில்லை என்று துறைத் தலைவி சொன்னார்.

அதன் பிறகு எல்லாம் டாக்டர் சொன்ன வேகத்திலேயே போனது. முதலில் கணிதக் குறிகள் போயின, பிறகு எங்கள் மகள் பெயர் போனது. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் ஒருநாள் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். இப்போது பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வீரகேரளம்புதூரில் இருந்து ஒரு அக்காள் வருகிறாள். வெளிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, அவரும் கிளம்ப வேண்டும் என்று கதவைப் பிடித்து ஆட்டுவார். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இந்த வருஷம் பிளஸ் டூவில் மின்னோட்டத்தின் காந்த விளைவு வந்தபோது, அந்தப் பாடத்தை உடன் வேலைபார்க்கும் டீச்சரை எடுக்கச் சொல்லிவிட்டு, அந்த டீச்சருடைய ஒளியியலை நான் எடுத்துக்கொண்டேன்.

நேற்று நான் வீடு திரும்பியபோது கதவின் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அக்காள் பூட்டைத் திறக்கப் போனாள். அவர் அவளைத் தடுத்துவிட்டு என்னிடம் மரியாதையாகக் கேட்டார்.

"யாரைப் பாக்கணும்?"

"உங்களத்தான்" என்றேன்.

"சார் காலேஜுக்குப் போயிட்டாங்க" என்றார்.