நீலத் தார்ப்பாயின் கீழ் ஓர் உளி

காலையில் மழை விட்டதும் பட்டறைக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தேன். வெளிச்சம் உள்ளே வந்து, நேற்று அடித்து வைத்த உளியின் மேல் விழுந்தது.

உளி நுனி வைக்கோல் நிறத்தில் இருந்தது.

நுனியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, தண்ணீரில் முக்கி, கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்டில் மிச்சமிருக்கும் சூடு நுனிக்கு ஏறும். முதலில் வைக்கோல், பிறகு பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம். இரும்பு வெட்டும் உளிக்குக் கத்தரிப்பூ நிறத்தில்தான் மறுபடி முக்க வேண்டும். வைக்கோல் நிறத்திலேயே முக்கினால் அளவுக்கு மேல் கடினம். சம்மட்டி பட்டால் நுனி தெறிக்கும். நேற்று நான் பார்த்தது கத்தரிப்பூ நிறம்தான், சத்தியமாக. ஆனால் தலைக்கு மேல் இருந்தது நீலத் தார்ப்பாய்; அதன் வழியே வந்த வெளிச்சம்தான் நிறத்தை மாற்றிக் காட்டியிருக்கிறது. அடப்பாவி, இத்தனை வருஷம் நெருப்பைப் பார்த்த கண்ணுக்கு அது தோன்றவில்லையே!

இதோடு சேர்த்து அடித்த இன்னொன்றை என் மனைவியின் தம்பி வாங்கிப் போயிருந்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படக் கம்பெனியில், வார்ப்பின் ஓரப் பிசிறுகளை உளியால் வெட்டுகிறவன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அவன் கண்கள்தான் நினைவில் வந்தன. ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தச் சரக்கு ரயிலை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

காவலாளி உள்ளே விடவில்லை.

"அவன் கண்ணு போயிடும்யா, கூப்புடு!" என்று கத்தினேன். பயந்துபோய் ஓடினார்.

அவன் உளியும் கையுமாக வந்தான். இரண்டு கண்களும் திறந்திருந்தன. எனக்கு மூச்சு வந்தது.

"இன்னா மாமா, இங்க வந்துகீற?"

உளியைப் பிடுங்கிப் பார்த்தேன். நுனியில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு காணோம்.

"இது எப்ப போச்சு?"

"தெரியலியே. காலைல இங்க சுருக்குனு இருந்துச்சி. நெருப்புப் பொறின்னு நெனச்சேன்." கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். இடது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே சின்னச் சிவப்புக் கீறல், ரத்தம் காய்ந்திருந்தது.

பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. "கண்ணாடி எங்கடா? கம்பெனில குடுத்துகீறான்ல? ஏன் போடல? புத்தி இல்ல?"

அவன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் காட்டினான். ஒரு கீறல் இல்லாமல் புதிதாக இருந்தது.

"கடைல வாங்குன உளின்னா போட்டுப்பேன் மாமா. இது நீ அடிச்சதாச்சே."