செவ்வாய்க்கிழமையின் கடைசி இரண்டு பாடவேளைகள்

தம்பி இறந்தபோது எனக்கு மூன்று நாள்தான் தீட்டு. கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு அவ்வளவுதான் கணக்கு. நான்காம் நாள் காலை மாமியார் வெந்நீர் வைத்துவிட்டு, “தலைக்கு ஊத்திட்டுப் பள்ளிக்கூடம் போ சாமி. ஊட்லயே உக்காந்திருந்தா அவன் வந்திருவானா?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். போனேன்.

சிறுநீரகம் பழுதான அவனை இரண்டு ஆண்டுகளாகச் செவ்வாய், சனி என்று வாரம் இருமுறை நாமக்கல்லில் டயாலிசிஸுக்கு நான்தான் அழைத்துப் போனேன். சனி விடுமுறை. செவ்வாய்க்கு மட்டும் தலைமையாசிரியர் கடைசி இரண்டு பாடவேளைகளை விட்டுக் கொடுத்திருந்தார். அவற்றை எனக்குப் பதிலாக எடுத்தது எனக்கு இளையவரான அறிவியல் ஆசிரியை.

அந்த அனுமதியை யாரும் திரும்பப் பெறவில்லை. நானும் திருப்பித் தரவில்லை. அவன் போன பிறகும் செவ்வாய்தோறும் இரண்டு மணிக்குப் பேருந்து ஏறினேன். கைப்பையில் அவனுடைய மருத்துவக் கோப்பு. நோயாளிகளின் துணைக்கு வருவோர் அமரும் பெஞ்சில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவன் இருக்கையில் வேறொருவர். கடைசி மாதத்தில் அவன் ஓர் இளநீர் கேட்டான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும், அவனுக்கு ஆகாது என்று மறுத்தேன். மறுத்தது சரிதான். அந்தச் சரி எனக்கு எதற்கும் உதவவில்லை.

மூன்றாம் மாதம் ஆசிரியர் அறையில் அந்த அறிவியல் ஆசிரியை தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. தம்பி காரியமெல்லாம் இன்னும் பாக்கி இருக்குதுங்களா?”

“ஏன் கேக்கற?”

“ஒண்ணுமில்லீங்க. இங்க திருத்த நேரமில்லாம செவ்வாக்கிழமை நோட்டையெல்லாம் ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போறனுங்க. எம்பையன் செவப்புப் பேனாவப் புடுங்கி நாப்பது பேருக்கும் நூத்துக்கு நூறு போட்டுட்டான்!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கண்ணைச் சுற்றிய கருமையை அப்போதுதான் பார்த்தேன். என் துக்கத்தின் கூலியை இவர் தன் தூக்கத்திலிருந்து கொடுத்திருக்கிறார்.

“காரியம் ஒண்ணும் இல்ல கண்ணு. அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல போய்ச் சும்மாதான் உக்காந்திருக்கறேன்.”

“வேணும்னா இன்னும் ரெண்டு மாசம் நானே எடுக்கறனுங்க” என்றார். அதுதான் தாங்க முடியவில்லை. அவர் திட்டியிருக்கலாம்.

அடுத்த செவ்வாய் எட்டாம் வகுப்புக்கு நானே போனேன். இரண்டு மணி ஆனபோது ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு பின்னங்களில் ஒரு மாணவி மல்லுக்கட்ட, அவளோடு நானும் மூழ்கிப்போனேன். மணி அடித்த பின் பேனாவை வைக்கக் கைப்பையைத் திறந்தேன். கோப்பு இல்லை. காலையில் எடுக்க மறந்திருக்கிறேன். மறந்ததுகூட இவ்வளவு நேரம் தெரியவில்லை.

மாணவர்கள் போகும்வரை பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். அழிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.