பிலோமினாவுக்கு வைத்த பத்தியம்

சாலாக் செலாத்தானில் பிலோமினாவைப் பற்றிக் கேட்டால், "தையல்கார அக்காவா? நல்லவங்க லா, பேச்சுத்தான் கம்மி" என்பார்கள். கம்மிதான். அதுதான் ஒரு மனுஷனின் நெஞ்சை உடைத்துப் போட்டது. சொல்கிறேன், கேளுங்கள்.

புருஷன் டொமினிக் ரயில்வே பட்டறையில் பிட்டர். பிள்ளை என்றால் உயிரை விடுவான். தலைப்பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. பிலோமினாவும் ரத்தம் கொட்டிப் போயிருக்க வேண்டியவள். யார் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றித்தான் பிழைத்தாள். வருஷம் திரும்பியதும், "அடுத்தது தங்கும் பிலோ" என்று ஆரம்பித்துவிட்டான் அவன். அவளுக்கோ நினைத்தாலே அந்த ரத்தம்தான் கண்ணில் நிற்கும். அவன் முகத்தைப் பார்த்து வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை வராமல் தடுப்பது கோயில் பங்கில் யாருக்காவது தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்ற பயம் வேறு.

பேசாமல் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. கையில் வைக்கும் கருத்தடைக் குச்சிகள் அப்போதுதான் பேச்சில் அடிபட ஆரம்பித்திருந்தன. மேற்கையின் உள்பக்கம், தோலுக்கடியில் மெல்லிசாக ஆறு குச்சிகள். ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை.

"முதல் சில மாசம் மென்ஸஸ் கண்டபடி வரும், சில பேருக்கு வராமலே இருக்கும். பயந்துடாதீங்க" என்றாள் நர்ஸ் சிவமலர். "வீட்டுக்காரருக்குத் தெரியும்தானே?"

பிலோமினா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

முதலில் வராமலே இருந்தது. கொடியில் தீட்டுத் துணி காயாததை டொமினிக் கவனிக்காமல் இருப்பானா? சைக்கிளை விட்டு இறங்கும்போதே விசில் அடிக்க ஆரம்பித்தான். கனமான வாளியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் இந்தப் பெண்!

பிறகு ரத்தம் பட ஆரம்பித்தது. இரண்டு நாள் திட்டுத் திட்டாக, ஒரு நாள் நிற்கும், மறுபடி வரும். ஒரு காலையில் படுக்கை விரிப்பைப் பார்த்துவிட்டான்.

"போச்சா, பிலோ?" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவள் வாயே திறக்கவில்லை. அதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, "நானே டாக்டரப் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். பட்டறைக்கு லீவு போட்டு, கரு கலைந்தவளுக்குச் செய்வதெல்லாம் செய்தான். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, மிளகு அரைத்துப் பத்தியக் குழம்பு வைத்தான். பாசாருக்குப் போய் ஈரல் வாங்கி வந்தான். பிசைந்து வாயில் ஊட்டும்போது அவன் கண்ணீர் தட்டில் விழுந்தது. அதையும் சேர்த்துத்தான் விழுங்கினாள், பாவி.

தாங்க முடியாமல் கிளினிக்குக்கு ஓடினாள். டாக்டர் மீனலோசனி முதலில் சிறுநீரைச் சோதித்துக் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்தார். புண், கட்டி, கிருமி ஏதாவது இருக்கிறதா என்று பரிசோதித்தார்; ரத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"வேற கோளாறு ஒன்னும் இல்லம்மா. குச்சியிலேர்ந்து வர்ற மருந்தால கர்ப்பப்பையோட உள்தோல் மெலிஞ்சு போயிடும். அதான் அப்பப்ப ரத்தம் கசியுது. பெரும்பாலும் வருஷத்துக்குள்ள தானா குறைஞ்சிடும். குச்சி வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல. கொஞ்சம் சோகையா இருக்கீங்க, இரும்புச் சத்து மாத்திரை தரேன்."

ரத்தக் கொதிப்பு, ரத்தக்கட்டு, ஒற்றைத் தலைவலி, சிகரெட் எதுவும் கிடையாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்று வாரத்துக்குக் கருத்தடை மாத்திரையும் எழுதினார். "இதுல நிக்கும். விட்டதும் திரும்ப வந்தாலும் வரலாம். வேண்டாம்னா குச்சிய இன்னைக்கே எடுத்துடலாம், உங்க விருப்பம்."

"இருக்கட்டும், டாக்டர்" என்றாள்.

சில நாளில் ரத்தம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பூசை. மன்றாட்டு நேரத்தில் பாதிரியார், "டொமினிக், பிலோமினா தம்பதியர் இழந்த சிசுவுக்காக..." என்று வாசித்தார். டொமினிக்தான் கேட்டிருந்தான். முழங்காலில் நின்றபடி, முன் பெஞ்சில் நெற்றியை வைத்துக் குலுங்கினான். பிலோமினாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வெளியே வந்து, பஸ் நிற்குமிடத்தில் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும். சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். அவன் விரலால் தொட்டுப் பார்த்தான், சுட்டதுபோல் எடுத்துக்கொண்டான்.

"அப்ப அந்த ரத்தம்?"

"இதாலதாங்க. முதல்ல அப்படித்தான் வருமாம். இன்னொரு பிரசவம்னா நான் செத்துடுவேன்னு பயந்தேங்க."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? என்கிட்ட சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்ல?"

அவள் அழுதாள். அவன் அழவில்லை. பஸ் வந்து நின்று, போயும் விட்டது.

"செத்துப்போச்சுன்னு அழுதேன், பிலோ" என்றான் கடைசியில். "அழுறதுக்காவது எனக்கு ஒரு பிள்ள இருந்துச்சு."