ஸ்கூட்டிக் கோப்பி

எங்கள் வார்டில் அந்தக் கோப்பிக்கு ஒரு பெயரே இருந்தது: ஸ்கூட்டிக் கோப்பி. இரவுக் கடமை முடிந்து, நோயாளிகளைப் பகல் நர்ஸ்மாரிடம் ஒப்படைக்கும் நேரத்தில் வார்டு உதவியாளர் அக்கா அதைக் கெட்டியாகப் போட்டுக்கொண்டு வருவார். பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கிடையாது. ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு மட்டும்தான்.

“குடிச்சிட்டுப் போங்க மிஸ். வழியில தூங்கி விழுந்துறாதீங்க.”

அவர் அன்பாகத்தான் கொடுத்தார். நானும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பேராதனையிலிருந்து கலஹா வீதியில் ஏறுவேன். இருபது நிமிடத்தில் வீடு. என் கணவர் ஸ்கூட்டி வாங்கித் தந்ததே அந்த இருபது நிமிடத்துக்காகத்தான். பஸ் என்றால் ஒன்பது மணியாகிவிடும். அவருக்குச் சோறு யார் கட்டுவது, மகளை யார் நர்சரிக்கு விடுவது?

வேலையெல்லாம் முடித்துக் கட்டிலில் சாய்ந்தால் கண் கொட்டாது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். பக்கத்து வீட்டுப் பிரஷர் குக்கர் விசில் அடிப்பதை எண்ணிக்கொண்டு கிடப்பேன். மதியம் மகள் திரும்பி வந்தால் தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றிரவு வார்டில் விழித்திருக்க இன்னும் இரண்டு கோப்பி. மறுநாள் விடிந்தால் மறுபடி ஸ்கூட்டிக் கோப்பி. “ஒனக்குத்தான் பகல்ல தூக்கமே வராதே” என்று சொல்லி, என் மாமியார் வீட்டாரை விருந்துக்குக் கூப்பிடக்கூட என் கணவர் என் பகல்களைத்தான் தேர்ந்தெடுத்தார். நான் அதையும் சமைத்துத் தொலைத்தேன்.

ஒருநாள் காலை. கோப்பி குடித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மழை விட்ட வீதி. கண் மூடியது எனக்குத் தெரியவே தெரியாது. எதிரே வந்த திரீவீலின் ஹோர்ன் சத்தத்தில் விழித்தபோது முன் சில்லு, வீதியோரம் தண்ணீர் ஓடும் கானின் விளிம்பில் உருண்டுகொண்டிருந்தது. பிரேக்கை அழுத்திவிட்டு, தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்தேன். சோறு கட்டினேன். மகளை விட்டு வந்து படுத்தேன். சற்று முன் வீதியில் தானாக மூடிய கண், இப்போது கட்டிலில் மூட மறுத்தது. அப்போதுதான் பற்றிக்கொண்டு வந்தது ஆத்திரம். குடித்த கோப்பி தலைக்கு ஏற அரை மணி நேரமாவது வேண்டும். வீதி வளைவுகளில் அது எனக்குக் காவல் நிற்கவில்லை. நான் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கியது, பிறகு மத்தியானம் தாண்டியும் உடம்பை விடவில்லை. சாயந்தரத்துக்குப் பிறகு கோப்பி குடிக்காதீர்கள் என்று தூக்கம் வராத நோயாளிகளுக்குத் தினமும் சொல்கிறவள் நான். என்னுடைய சாயந்தரம் விடிகாலை என்பது வார்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்தக் கோப்பி என் உயிருக்காக அல்ல, வீட்டுச் சோற்றுப் பானைக்காகத்தான் காய்ச்சப்பட்டது.

மாலையில் கணவரிடம், தூங்கிக் கானில் விழப் போனதைச் சொன்னேன்.

“அப்ப ரெண்டு கப்பா குடிச்சிட்டு வா” என்றார்.

கையில் இருந்த அகப்பையை அவர் மேல் எறியாமல் அடுப்படியில் வைத்தேன். ஸ்கூட்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அன்றிரவு கடமை தொடங்கியதும் ஒரு சின்னக் கப் கோப்பி, நள்ளிரவுக்கு முன் இன்னொன்று. அதோடு சரி. அதற்குப் பிறகு தேத்தண்ணியும் தொடவில்லை. அதிலும் தூக்கத்தைக் கெடுக்கிற அதே சாமான்தானே இருக்கிறது. இடைவேளையில் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தேன். காலையில் அக்கா கோப்பியோடு வந்தார்.

“இன்னைக்கு பஸ்ல போறேன் அக்கா. எனக்கு வேணாம்.”

பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது கணவரின் அழைப்பு வந்தது.

“எங்க நிக்கிற? பிள்ளைக்கு யாரு தலை வாருறது? ஸ்கூட்டி எதுக்கு வாங்கித் தந்தேன்?”

“அது வாசல்லதான நிக்குது. நீங்க வாரி, நீங்களே கொண்டுபோய் விடுங்க. எனக்குத் தூக்கம் வருது.”

“நீயெல்லாம் ஒரு தாயா?”

போனை அணைத்துப் பையில் போட்டேன். பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்து உறங்கினேன். வீட்டில் ஒருவரும் இல்லை. அடுப்பில் பால் பொங்கிக் காய்ந்து கிடந்தது. அதைத் துடைக்காமல், திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம்.

யாரோ என் கன்னத்தைத் தொட்டார்கள். வெயில் சாய்ந்திருந்தது. நர்சரி விட்டதும் பக்கத்து வீட்டுக்குப் போய் விளையாடிவிட்டு வந்த மகள், கோணலாகக் கட்டிய இரட்டைச் சடையோடு கட்டிலருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்களும் தூங்குவீங்களா?”